முழமும் சாணும் போதாது: குழந்தைக்கு வயலின், கிட்டார் அளவு பார்ப்பது எப்படி?

குழந்தைக்கு வயலின் வாங்கப் போனால் கடைக்காரர் முதலில் கையை நீட்டச் சொல்வார். இடது கையைத் தோள் உயரத்தில் பக்கவாட்டில் நீட்டி, உள்ளங்கையை மேலே திருப்பி வைக்க வேண்டும். கழுத்தின் அடியிலிருந்து உள்ளங்கையின் நடு வரை டேப் வைத்து அளப்பார். சுமார் 51 செ.மீ. வந்தால் அரை சைஸ், 56 அளவில் முக்கால், 60-ஐத் தொட்டால் ஃபுல் சைஸ். அட்டவணைக்கு அட்டவணை ஓரிரு சென்டிமீட்டர் கூடும், குறையும். உலகம் முழுக்க இதுதான் வழக்கம்; அதற்கு நியாயமான காரணமும் உண்டு. ஆனால் அந்தக் காரணம் தமிழ்நாட்டில் சம்மணமிட்டு வயலின் கற்கும் குழந்தைக்குப் பாதிதான் பொருந்தும். மீதிப் பாதியைத் தீர்மானிப்பது விரல்கள். அதை யாரும் அளப்பதில்லை.

முதலில் சைஸ்களின் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். அரை சைஸ் வயலின் ஃபுல் சைஸில் பாதி நீளம் இருக்காது. ஃபுல் சைஸ் வயலினின் உடல் மட்டும் 14 அங்குலம் என்றால், அரை சைஸின் உடல் சுமார் பன்னிரண்டே கால் அங்குலம் இருக்கும். நூற்றுக்கு எண்பத்தேழு. கால், அரை, முக்கால் எல்லாம் வழிவழியாக வந்த பெயர்கள். அளவுகோலில் பிடித்துப் பார்த்தால் கணக்கு ஒத்துவராது. இதற்கெல்லாம் கறாரான தர அளவும் கிடையாது. ஒரு தயாரிப்பாளரின் அரை சைஸ் இன்னொருவருடையதைவிட அரை சென்டிமீட்டர் நீண்டிருப்பது சகஜம். ஆகவே பெட்டியில் ஒட்டியிருக்கும் லேபிளை நம்பாமல் தந்தி நீளத்தை நீங்களே அளந்துவிடுங்கள். பிருடைகளுக்குக் கீழே தந்திகள் ஏறி இறங்கும் சின்ன மேட்டிலிருந்து குதிரை வரை உள்ள தூரம்தான் அது. ஃபுல் சைஸில் சுமார் 32.5 செ.மீ., முக்காலில் 31, அரையில் 28.5, காலில் 26. அளக்கும்போது குதிரை நிற்கும் இடத்தையும் பாருங்கள். வயலின் உடலில் வெட்டியிருக்கும் இரண்டு வளைவுத் துளைகளின் உள்பக்கத்தில் சின்னப் பிசிறு போல ஒரு வெட்டு இருக்கும். குதிரை அந்த வெட்டுகளுக்கு நேராக நிற்க வேண்டும். கடை அலமாரியில் சாய்ந்து கிடந்த வயலினில் அது நகர்ந்திருப்பது சர்வ சாதாரணம்.

இப்போது கை நீளத்தின் நியாயத்துக்கு வருவோம். மேற்கத்திய முறையில் குழந்தை நின்றுகொண்டு வயலினைத் தோளுக்கும் தாடைக்கும் நடுவில் பிடிக்கிறது. வயலின் இடப்பக்கம் நோக்கி நீள்கிறது. கை அதன் அடியில் போய், முழங்கையை உள்பக்கமாகத் திருப்பி, விரல்களை மேலிருந்து தந்திமேல் இறக்க வேண்டும். இதற்கெல்லாம் கை மிச்சம் இருக்க வேண்டும். முழங்கை சற்று மடங்கியிருக்க வேண்டும். சுருள் தலையை எட்டிப் பிடிக்கவே கை முழுக்க நீண்டுவிட்டால் விரல்களுக்கு எந்தச் சுதந்திரமும் இல்லை. அட்டவணையை உற்றுப் பார்த்தால் சங்கதி புரியும். அரை சைஸ் வயலினின் மொத்த நீளம் சுமார் 52 செ.மீ.; அதற்குப் பரிந்துரைக்கும் கை நீளமும் ஏறக்குறைய அதேதான். கழுத்திலிருந்து உள்ளங்கை வரை உள்ள தூரத்துக்குள் முழு வயலினும் அடங்க வேண்டும் என்பதைத்தான் அட்டவணை எண்களில் சொல்கிறது.

இதில் ஒரு பொறி இருக்கிறது. சில அட்டவணைகள் உள்ளங்கை நடு வரை அளக்கச் சொல்கின்றன. சில மணிக்கட்டு வரை. இரண்டுக்கும் இடையில் குழந்தையின் கையில் ஐந்தாறு சென்டிமீட்டர் வித்தியாசம் வரும். உள்ளங்கை வரை அளந்துவிட்டு மணிக்கட்டு அட்டவணையில் தேடினால் குழந்தைக்கு ஒரு சைஸ் பெரிய வயலின் வந்து சேரும். போனில் அளவு சொல்லி வயலின் வரவழைப்பவர்கள் எதுவரை அளந்தோம் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

கர்நாடக முறையில் காட்சி வேறு. குழந்தை தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து வலது பாதத்தைச் சற்று முன்னே நீட்டுகிறது. சுருள் தலை அந்தக் காலின் கணுக்காலருகே படிகிறது. வயலினின் அகன்ற முனை இடது தோளுக்குக் கீழே மார்பில் சாய்கிறது. வயலின் இரண்டு இடத்திலும் ஊன்றி நிற்பதால் அதைத் தாங்கும் வேலை இடது கைக்கு இல்லை. கமகத்துக்கும் ஜாருவுக்கும் கை கழுத்தின்மேல் தடையில்லாமல் வழுக்கிப் போவது இதனால்தான். அளவு பார்க்கும்போது இதற்கு இன்னொரு விளைவும் உண்டு. கை முன்பக்கமாகக் கீழ்நோக்கித் தொங்குகிறது. தோளுக்கு மேல் தூக்கவோ முழங்கையை முறுக்கவோ தேவையில்லை. கால் கொஞ்சம் முன்னே போனாலும் பின்னே வந்தாலும் வயலின் பொருந்திவிடும். மேற்கத்திய அட்டவணை அரை சைஸ் சொல்லும் குழந்தையின் மடியில் முக்கால் சைஸை வைத்தாலும் உட்காரும் தோற்றத்தில் குறை தெரியாது. நம் ஊரில் பலர் ஏழெட்டு வயதிலேயே முக்காலுக்கோ, சில சமயம் நேராக ஃபுல் சைஸுக்கோ தாவிவிடுவதற்கு இதுவும் ஒரு காரணம். இரண்டு வயலின் வாங்கும் செலவு மிச்சம் என்ற கணக்கு இன்னொன்று. பள்ளிச் சீருடையை ஒரு சுற்றுப் பெரிதாகத் தைத்து மடித்துவிடும் அதே புத்திதான். ஆனால் வயலினை மடித்துவிட முடியாது.

கை எட்டிவிடுகிறது. எட்டாமல் போவது விரல். எங்கே என்று பார்ப்போம்.

நம் பிள்ளைகள் தொடங்குவது மாயாமாளவகௌளையில். சரளி வரிசையின் முதல் வரியில் ஷட்ஜம் திறந்த தந்தி. ரிஷபத்துக்கு ஆள்காட்டி விரல், காந்தாரத்துக்கு நடுவிரல், மத்யமத்துக்கு மோதிர விரல். பஞ்சமம் அடுத்த திறந்த தந்தி. அங்கே தைவதம், நிஷாதம், மேல் ஷட்ஜம் மூன்றும் அதே விரல்களில், அதே இடைவெளியில் விழுகின்றன. மாயாமாளவகௌளையில் வருவது சுத்த ரிஷபமும் அந்தர காந்தாரமும். சுத்த ரிஷபம் தந்தி நீளத்தின் பதினாறில் ஒரு பங்கில் விழும், அதாவது தந்தி தொடங்கும் மேட்டை ஒட்டியே. அந்தர காந்தாரம் விழுவது ஐந்தில் ஒரு பங்கில். ஃபுல் சைஸில் முதலாவது 2 செ.மீ. தொலைவில், இரண்டாவது ஆறரை செ.மீ. தொலைவில். ஆள்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் இடையில் நாலரை சென்டிமீட்டர் இடைவெளி வேண்டும்.

மேற்கத்திய வயலின் மாணவன் தொடங்குவது பெரும்பாலும் மேஜர் ஸ்கேலில். அவனுடைய முதல் விரல் விழுவது நம் சதுஸ்ருதி ரிஷபத்தின் இடத்தில், தந்தியின் ஒன்பதில் ஒரு பங்கில். அங்கிருந்து இரண்டாம் விரலுக்கு மூன்று சென்டிமீட்டர்கூட வராது. முதல் பாடத்திலேயே நம் குழந்தையிடம் அதைப்போல் ஒன்றரை மடங்கு விரிவைக் கேட்கிறோம். அட்டவணை அதற்காகப் போடப்பட்டதல்ல. மேற்கத்திய மாணவனுக்கு சைஸ் பெரிதானால் அடி படுவது கை எட்டுவதிலும் சுண்டுவிரலிலும். நமக்கு அடி படுவது ஆள்காட்டிக்கும் நடுவிரலுக்கும் நடுவில்.

சாண் அளந்து பார்த்தால் இது தெரியாது. சாண் என்பது கட்டை விரலிலிருந்து சுண்டுவிரல் வரை. வயலினில் கட்டை விரல் கழுத்துக்குப் பின்னால் நிற்கிறது. தந்தியில் அதற்கு வேலை இல்லை. சாண் பெரிதாக இருக்கும் குழந்தைக்கு நடுவிரல் விரிவு குறைவாக இருக்கலாம். மேசைமேல் விரல்களைத் தட்டையாக விரித்துப் பார்ப்பதும் ஏமாற்றும், ஏனென்றால் வாசிக்கும்போது விரல் வளைந்து நுனியால் அழுத்துகிறது. வளைந்த விரல் அவ்வளவு விரியாது.

சரியாக அளக்க வீட்டில் இருக்கும் மர அடிஸ்கேல் போதும். ஸ்கேலை வயலின் கழுத்தைப் பிடிப்பது போல இடது கையில் பிடிக்கச் சொல்லுங்கள்: கட்டை விரல் பின்னால், நான்கு விரல்களும் வளைந்து நுனி மட்டும் விளிம்பில். ஆள்காட்டி விரலை 2 செ.மீ. கோட்டில் ஊன்றி, அதை எடுக்காமல், மணிக்கட்டை உள்ளே சரிக்காமல், நடுவிரலை எவ்வளவு தூரம் வைக்க முடிகிறது என்று பாருங்கள். முகத்தைச் சுளிக்காமல் வரும் தூரம்தான் கணக்கு. இழுத்துப் பிடித்து வரும் தூரம் முதல் நாளோடு சரி. அரை மணி நேரப் பயிற்சியில் நிற்காது.

ஒரு பெண் குழந்தையை எடுத்துக்கொள்வோம். எட்டு வயது. கழுத்திலிருந்து உள்ளங்கை வரை 54 செ.மீ., அதாவது அரைக்கும் முக்காலுக்கும் நடுவில். வீட்டில் முக்கால் வாங்கலாம் என்று நினைக்கிறார்கள். ஸ்கேலில் அவள் விரல்கள் 4 செ.மீ. விரிகின்றன. முக்கால் சைஸில் தந்தி 31 செ.மீ.; ரிஷபத்துக்கும் காந்தாரத்துக்கும் இடைவெளி அதில் ஏறக்குறைய 4.3 செ.மீ. அவளுக்கு 3 மில்லிமீட்டர் போதவில்லை. அரை சைஸில் 28.5 செ.மீ. தந்திக்கு 3.9 செ.மீ. வேண்டும், அது வந்துவிடுகிறது. ஃபுல் சைஸ் கொடுத்திருந்தால் 5 மில்லிமீட்டர் குறைந்திருக்கும்.

மூன்று மில்லிமீட்டரில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். காதுக்கு அதில் நிறைய இருக்கிறது. முக்கால் வயலினில் அந்தர காந்தாரத்துக்கும் சாதாரண காந்தாரத்துக்கும் இடையே ஒரு சென்டிமீட்டர்தான். மூன்று மில்லிமீட்டர் குறைந்தால் காந்தாரம் கால்வாசி தூரம் கீழே இறங்கிவிட்டது. ஃபுல் சைஸில் அது ஏறக்குறைய பாதி வழிக்கு வந்துவிடும். மாயாமாளவகௌளையும் இல்லை, தோடியும் இல்லை என்கிற ஒரு நடுவாந்தர ஒலி. நிஷாதத்திலும் அதே பிழை நடக்கும், இடைவெளி அதேதான் என்பதால்.

இங்கேதான் அநியாயம் நடக்கிறது. காந்தாரமும் நிஷாதமும் தொடர்ந்து இறங்கி ஒலிக்கும் குழந்தையைப் பார்த்து, "சுருதி ஞானம் இல்லை" என்று முடிவு கட்டிவிடுவார்கள். அதைச் சோதிக்க இரண்டு எளிய வழிகள் உண்டு. அந்த வரியை வாயால் பாடச் சொல்லுங்கள். பாடும்போது காந்தாரம் சரியாக வந்தால் காது பழுதில்லை. அடுத்து, நடுவிரலை வைக்கும்போது ஆள்காட்டி விரலைத் தந்தியிலிருந்து எடுத்துவிடச் சொல்லுங்கள். உடனே காந்தாரம் ஏறிச் சரியான இடத்துக்கு வந்தால் குற்றம் விரிவில், வயலின் பெரிது. இன்னும் சில தடயங்களும் உண்டு. விரிவு போதாத குழந்தை மணிக்கட்டை உள்ளே மடித்து உள்ளங்கையைக் கழுத்தில் ஒட்டிக்கொள்ளும். கட்டை விரல் விரல்பலகைக்கு மேலே எட்டிப் பார்க்கும். பழகப் பழக ஆள்காட்டி விரல் ரிஷபத்தைவிட மேலே போய் உட்கார ஆரம்பிக்கும். அப்போது ரிஷபம் ஏறும், காந்தாரம் இறங்கும். இரண்டும் ஒன்றையொன்று நோக்கி நகர்ந்தால் அது சைஸின் கையெழுத்து.

இதற்கு எதிர்வாதம் உண்டு. கர்நாடக விரலமைப்பு இறுக்கமானதல்ல. கை வழுக்கும், ஆள்காட்டி விரல் ரிஷபத்திலேயே ஒட்டியிருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஜாருவில் பழகிய வாசிப்பாளர் காந்தாரத்தை நடுவிரல் விரிவால் அல்ல, கையை நகர்த்தி எட்டுவார். உண்மைதான். ஆனால் அது இரண்டாண்டு பழகியபின் வரும் வசதி. ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் விரல் இடம் தெரிந்துகொள்ளும் சரளி வரிசைக் கட்டத்தில் கை ஒரே இடத்தில் நிற்க வேண்டும். அதற்குள் கையை நகர்த்தக் கற்றுக்கொடுத்தால் குழந்தை ஒவ்வொரு முறையும் வேறு இடத்தில் இறங்கும். சிறிய வயலினில் ஆறு மாதம் தொடங்கி, பிறகு பெரியதற்கு மாறுவதே என் பரிந்துரை. சைஸ் மாறும்போது விரல் இடங்கள் எல்லாம் மாறிவிடுமே என்ற பயம் வேண்டாம். அரையிலிருந்து முக்காலுக்குப் போனால் அந்த இடைவெளி மூன்றரை மில்லிமீட்டர் கூடுகிறது, அவ்வளவுதான். காது ஒரு வாரத்தில் சரிசெய்துகொள்ளும்.

சிறிய வயலினின் உண்மையான குறை வேறு: ஒலி. தந்தி குட்டையானால் அதே சுருதியில் அதன் இழுவிசை குறையும். நீளம் குறையும் விகிதத்தின் வர்க்கத்தில் குறையும். ஃபுல் சைஸ் தந்தியை அரை சைஸ் வயலினில் போட்டு அதே சுருதி வைத்தால் இழுவிசையில் நாலில் ஒரு பங்கு போய்விடும். நம் சுருதியோ முன்பே தாழ்வு. 2 கட்டைச் சுருதியில் ஸ-ப-ஸ-ப என்று கட்டினால் முதல் தந்தியின் பஞ்சமம், மேற்கத்தியர் அதே தந்தியில் வைக்கும் ஒலியைவிட ஒரு பஞ்சமம் கீழே நிற்கிறது. அதிலேயே இழுவிசை பாதிக்கும் கீழே போய்விட்டது. இரண்டும் சேர்ந்தால் அசல் இழுவிசையில் மூன்றில் ஒரு பங்குதான் மிச்சம்; தந்தி தொளதொளவென்று வில்லுக்கடியில் நெளியும், ஒலி முனகும். இதைக் கேட்டுத்தான் பலர் சின்ன வயலினில் நாதமே இல்லை என்று பெரியதை வாங்குகிறார்கள். அதற்குப் பதில் இரண்டு காரியம் செய்யலாம். அந்தந்த சைஸுக்கென்று விற்கும் தந்திகளையே போட வேண்டும். சுருதியை 4 அல்லது 5 கட்டைக்கு ஏற்ற வேண்டும். குழந்தையின் குரலும் பெரும்பாலும் அந்தப் பக்கத்தில்தான் இருக்கும் என்பதால், பாடிக்கொண்டே வாசிக்கவும் வசதி. ஆசிரியர் தன் வயலினை வேறு சுருதியில் வைத்திருந்தால் அவருக்குச் சங்கடம், குழந்தைக்கு இல்லை.

வில்லையும் அதே சைஸில் வாங்குங்கள். ஃபுல் சைஸ் வில்லின் நுனி வரை இழுக்க வலது கை போதாத குழந்தை, வில்லைக் குதிரைக்கு இணையாக ஓட்டாமல் தன் பக்கம் வளைத்து இழுக்கும்.

கிட்டாரில் கதை சற்று மாறும். ஃப்ரெட் கம்பிகள் இருப்பதால் விரல் சில மில்லிமீட்டர் பிசகினாலும் ஸ்வரம் பிசகாது. ஆனால் கம்பிக்குத் தொலைவில் அழுத்தினால் தந்தி கரகரக்கும். முழு சைஸ் நைலான் கிட்டாரில் தந்தி நீளம் 65 செ.மீ. ஒரு ஃப்ரெட்டுக்கு ஒரு விரல் என்று முதல் நான்கு ஃப்ரெட்டுகளில் விரல் வைத்தால், முதல் கம்பிக்கும் நான்காவது கம்பிக்கும் இடையே பத்து சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. முக்கால் கிட்டாரில் தந்தி சுமார் 58 செ.மீ. என்றால் அது ஒன்பதுக்குள் வந்துவிடும். இங்கே அளக்க வேண்டியது ஆள்காட்டி விரல் நுனியிலிருந்து சுண்டுவிரல் நுனி வரை. முன் சொன்ன ஸ்கேல் முறையிலேயே, விரல்கள் வளைந்த நிலையில் அளக்கலாம். சாண் இங்கும் உதவாது.

கிட்டார் கடையில் ஒரு ரூபாய் செலவில்லாமல் சோதிக்க ஒரு வழி இருக்கிறது. முழு சைஸ் கிட்டாரில் இரண்டாவது ஃப்ரெட்டில் கேப்போ என்னும் கவ்வியை மாட்டுங்கள். தந்தி நீளம் 65-லிருந்து 58 செ.மீ. ஆகக் குறைந்துவிடும். அதாவது விரல் எட்டுவதைப் பொறுத்தவரை அது இப்போது ஒரு முக்கால் கிட்டார். குழந்தையை அங்கிருந்து ஸி கார்ட் பிடிக்கச் சொல்லுங்கள். கேப்போ இல்லாமல் தவித்த மோதிர விரல் இப்போது இயல்பாக இறங்கினால் முக்கால் சைஸ் தேவை என்று பொருள். இப்போதும் இறங்காவிட்டால் நான்காவது ஃப்ரெட்டுக்கு நகர்த்திப் பாருங்கள். தந்தி 51 அல்லது 52 செ.மீ. ஆகும், அரை சைஸ் கிட்டாரின் பக்கம். வீட்டில் ஏற்கெனவே முழு சைஸ் இருந்தால் கேப்போவை மாட்டியே சில மாதம் ஓட்டிவிடலாம். ஸ்வரம் ஒரு முழு இடைவெளி ஏறும். குழந்தையின் குரலுக்கு அது கெடுதல் இல்லை.

ஆனால் கேப்போ குறைக்காத இரண்டு விஷயங்கள் உண்டு: கழுத்தின் அகலம், உடலின் ஆழம். நைலான் கிட்டாரின் கழுத்து தலைப்பக்கத்தில் 5.2 செ.மீ. அகலம். சின்ன விரல் அந்த அகலத்தைத் தாண்டி ஆறாவது தந்தியில் வளைந்து இறங்க வேண்டும். உடலோ இன்னும் முக்கியம், ஏனென்றால் கிட்டாரில் கை நீளம் பார்க்க வேண்டியது வலது கைக்கு. நாற்காலியில் உட்கார்ந்து கிட்டாரை மடியில் வைத்தபின் வலது முழங்கை உடலின் மேல்விளிம்பில் தளர்வாகப் படிய வேண்டும். விரல்கள் துளையின் மேல் விழ வேண்டும். அதற்காக வலது தோள் காது பக்கம் தூக்கிக்கொண்டாலோ, தந்தியைப் பார்க்கக் குழந்தை கிட்டாரை மல்லாத்திப் பிடித்தாலோ உடல் பெரிது. சினிமாப் பாட்டு வாசிக்க ஆசைப்படும் பையனுக்குப் பெரிய வயிறுள்ள இரும்புத் தந்தி கிட்டாரை வாங்கிக்கொடுப்பது வழக்கம். அதன் கழுத்து ஒடுக்கம் என்பது ஒன்றுதான் அவனுக்கு லாபம். தந்தியின் இறுக்கத்தில் விரல் நுனி எரிகிறது, தோள் தூக்கியே நிற்கிறது. பத்து வயதுக்குள் நைலான் தந்தி போட்ட முக்கால் கிட்டார்தான் வாங்க வேண்டும் என்பேன்.

வாங்கும்போது கடையிலோ வகுப்பிலோ மாற்று வசதி இருக்கிறதா என்று கேளுங்கள். பல ஆசிரியர்களிடம் முந்தைய மாணவர்கள் விட்டுப்போன அரை, முக்கால் வயலின்கள் சுற்றிக்கொண்டிருக்கும். அதுவும் கிடைக்காமல் இரண்டு சைஸுக்கு நடுவில் தவித்தால், கர்நாடக வயலினுக்குச் சின்னதை எடுங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேலில் விரலை வைத்துப் பாருங்கள். அரையிலிருந்து முக்காலுக்கு 4.3, முக்காலிலிருந்து ஃபுல்லுக்கு 4.5 செ.மீ. இயல்பாக விரியத் தொடங்கினால் அப்போது மாற்றலாம், வயது எத்தனையாக இருந்தாலும்.